மீட்க முடிந்ததற்கு டயலாக் வேண்டாம்

ஆண்ட்ராய்டு செயலியில் ஒரு செயலைத் திரும்பப் பெற முடியுமென்றால், "நீக்கவா?" என்று டயலாக்கில் கேட்காமல் உடனே நீக்கிவிட்டு, "மீட்டெடு" பொத்தானுடன், திரையின் அடியில் தோன்றித் தானாக மறையும் ஸ்நாக்பாரைக் காட்டுங்கள்.

திருநெல்வேலி அல்வாக் கடை ஒன்றின் ஆர்டர் செயலியை எடுத்துக்கொள்வோம். பட்டியலிலிருந்து அரைக் கிலோ அல்வாவை நீக்கும் ஒவ்வொரு முறையும் டயலாக் வந்து மறித்தால், கல்லாவில் இருப்பவர் நாலாம் முறையிலிருந்து படிக்காமலேயே "ஆம்" என்பதை அழுத்தப் பழகிவிடுவார். தவறு தெரிவதோ அழுத்திய பிறகுதான். "அரைக் கிலோ அல்வா நீக்கப்பட்டது" என்னும் ஸ்நாக்பார் வேலையைத் தடுக்காமல், தவறு கண்ணில் படும் அந்த நொடியிலேயே திரும்பும் வழியைத் தருகிறது. `LENGTH_LONG` என்பது மூன்று நொடிகூட நிற்காது என்பதால் `setDuration(8000)` என்று வைப்பது நல்லது. வரிசையைத் தரவுத்தளத்திலிருந்து உடனே அழித்துவிடாமல் 'நீக்கப்பட்டது' என்று குறித்து மட்டும் வையுங்கள். இல்லையேல் மீட்டெடுக்க எதுவும் மிஞ்சாது.

பணம் அனுப்புதல், கணக்கை நிரந்தரமாக அழித்தல் போன்ற திரும்பாத செயல்களுக்கு இது பொருந்தாது. அங்கே டயலாக்தான் வேண்டும், அதிலும் பொத்தானில் "ஆம்" என்றில்லாமல் "₹500 அனுப்பு" என்றே எழுத வேண்டும். கால், அரை, ஒரு கிலோ என்று தேர்வு செய்யச் சொல்வது செய்தியே அன்று, ஆதலால் அது திரையின் அடியிலிருந்து மேலெழும் பாட்டம் ஷீட்டுக்கு உரியது. இணையம் இல்லாததால் ஆர்டர் போகவில்லை என்பதை, தானாக மறையும் ஸ்நாக்பாரில் மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்த ஆர்டரின் வரிசையிலேயே அது நிலைத்துத் தெரிய வேண்டும்.