முக்கோணமாக இழுத்து விட்ட கம்பி: ஓடும் துடிப்புகளை வைத்துக் கணக்குப் போடுவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். கம்பியை ஓரிடத்தில் 4 மி.மீ. மேலே இழுத்து விட்டால் அந்த இடம் நேர்நிலைக்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்று கேட்டால், அநேகமாக எல்லாரும் "4 மி.மீ. தான் சார்" என்பார்கள். நடுவில் இழுத்தால் சரி. மற்ற இடத்தில் இழுத்தால் தப்பு. ஃபூரியர் தொடரில் இறங்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு கம்பியை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 செ.மீ., இரண்டு முனையும் கட்டியிருக்கிறது. இடது முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி 4 மி.மீ. உயர்த்தி, அசையாமல் பிடித்து விடுகிறோம். இழுவிசை 57.6 நியூட்டன், ஒரு மீட்டர் கம்பியின் நிறை 1 கிராம். இழுவிசையை மீட்டருக்கான நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அலையின் வேகம்: c = 240 மீ/வி, அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 24 செ.மீ.

முதல் படி: வடிவத்தை எழுதுவது. x செ.மீ.யிலும் f மி.மீ.யிலும் இருக்கட்டும். 0 முதல் 15 வரை f = 4x/15. 15 முதல் 60 வரை f = 4(60 − x)/45.

இரண்டாம் படி: பாதியாகப் பிரிப்பது. விடும்போது கம்பிக்கு வேகம் இல்லை. அதனால் வடிவம் சமமான இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் ஓடும்:

y(x, t) = ½ [ f(x − ct) + f(x + ct) ]

1747-இல் டாலம்பேர் தந்த தீர்வு இது. வேடிக்கை என்னவென்றால், முக்கோணத்தின் கூர்மூலையில் இரண்டாம் வகைக்கெழு கிடையாது என்பதால், இதே கணக்குக்குத் தன் தீர்வைப் பயன்படுத்துவதை அவரே ஏற்கவில்லை. ஆய்லர்தான் பரவாயில்லை என்றார்.

மூன்றாம் படி: கம்பிக்கு வெளியே நீட்டுவது. மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான். x − ct எதிர்மறையாக வந்தால் f-க்கு என்ன மதிப்பு? மேலே எழுதிய சூத்திரத்தில் அப்படியே போடக் கூடாது. முனைகள் அசையக் கூடாது என்ற நிபந்தனைதான் விடையைத் தருகிறது. x = 0-வில் f(−ct) + f(ct) எப்போதும் சுழியாக வேண்டும்; ஆகவே f(−x) = −f(x). வலது முனைக்கும் இதே நியாயம்தான். அதனால் 120 செ.மீ.க்கு ஒருமுறை வடிவம் திரும்ப வரும். தலைகீழாக்க மறந்து வெறும் பிரதிபலிப்பாக வரைந்தால், கட்டிய முனையே ஆடும். விடை வந்ததும் y(0, t) சுழிதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மதிப்பு போடுவது. t = 0.25 மி.வி. என்றால் ct = 6 செ.மீ. இழுத்த இடத்தில் f(9) = 2.4, f(21) = 3.47, சராசரி 2.93 மி.மீ. இப்போது முழுக் கம்பியையும் வரைந்து பாருங்கள். 9 செ.மீ.க்கு இடப்பக்கமும் 21 செ.மீ.க்கு வலப்பக்கமும் கம்பி இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது, விட்டதே தெரியாத மாதிரி. நடுவில் ஒரு நேர்க்கோடு மட்டும் சாய்வு மாறாமல் கீழே இறங்குகிறது. வேகம் மாறாது: ஒரு மில்லி விநாடிக்கு 4.27 மி.மீ. நேர்க்கோட்டின் இரு முனையிலும் உள்ள மூலைகள்தான் ஓடும் துடிப்புகள்.

இடப்பக்கம் போன மூலை 15 செ.மீ. ஓடி, முனையில் பட்டு, மறுபடி 15 செ.மீ. வந்தால் 1.25 மி.வி. ஆகியிருக்கும். அப்போது ct = 30:

y = ½ [ f(−15) + f(45) ] = ½ [ −4 + 1.33 ] = −1.33 மி.மீ.

அந்த மூலை கடந்ததும் இழுத்த இடம் அப்படியே நின்றுவிடுகிறது. வலப்பக்கம் போன மூலை 90 செ.மீ. சுற்றி 3.75 மி.வி.யில் வந்து சேரும்வரை அசைவே இல்லை. அப்புறம் ஏறத் தொடங்கி 5 மி.வி.யில் மீண்டும் 4 மி.மீ. உயரத்தைத் தொடும். அலைவு நேரம் 5 மி.வி. என்பதால் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். ஆக, இழுத்த இடம் கீழே 1.33 மி.மீ.க்கு மேல் போவதே இல்லை. அந்த 4 மி.மீ. பள்ளம் 2.5 மி.வி.யில், வலது முனையிலிருந்து 15 செ.மீ. தள்ளி, அதாவது x = 45-இல் விழுகிறது.

கணினியில் சரிபார்க்க இது போதும்:

```python
def f(x):
    x = x % 120
    if x > 60:
        return -f(120 - x)
    return 4*x/15 if x <= 15 else 4*(60 - x)/45

def y(x, t):
    s = 24*t
    return (f(x - s) + f(x + s)) / 2
```

`y(15, 2)`, `y(15, 3)` இரண்டுக்கும் அதே −1.33 வர வேண்டும். கணினி இல்லாவிட்டால், 2 மி.மீ. உச்சமுள்ள பாதி வடிவத்தை நீட்டிப்போடு இரண்டு டிரேசிங் தாளில் வரைந்து எதிரெதிராக நகர்த்திக் கூட்டலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

நிஜ வீணைக் கம்பியில் மூலை இவ்வளவு கூராக இருக்காது. விரல் நுனியே அதை வளைவாக்கிவிடும். கம்பியின் விறைப்பால் குட்டை அலைகள் சற்று வேகமாக ஓடும். காற்றும் குடமும் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அதனால் முதல் சில சுற்றுகளுக்குத்தான் இந்தப் படம் நன்றாகப் பொருந்தும்.