‘இப்ப விதைக்கலாமா?’: ஒரே கேள்விக்குள் மூன்று வீடியோ

மன்னார்குடிப் பக்கம் நெல் சாகுபடி பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தின் நாற்றங்கால் வீடியோவின் கீழே திரும்பத் திரும்ப வந்த கேள்வி, “அண்ணே, இப்ப விதைக்கலாமா?” கமெண்ட்டில் வரும் கேள்விகளிலிருந்து அடுத்த வீடியோவுக்குத் தலைப்பு எடுக்கும் செய்முறையை அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு ஷீட் திறந்து மூன்று பத்தி போடுங்கள்: கேள்வி, மாதம், தலைப்பு. கேள்வியை அவர்கள் எழுதியபடியே ஒட்டுங்கள், திருத்த வேண்டாம். ஒருவர் மூன்று முறை கேட்டிருந்தாலும் ஒரு வரிதான். “vithaikalama”, “விதை விடலாமா”, “இப்ப போடலாமா” எல்லாவற்றுக்கும் தலைப்பு ‘விதைப்பு’ என்று ஒன்றே. இப்படிச் சேர்க்காவிட்டால் ஒரு பெரிய கேள்வி பத்துச் சின்னக் கேள்வியாகச் சிதறிவிடும்.

மாதப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கமெண்ட் பக்கத்தில் தேதி இருக்காது, ‘3 மாதங்களுக்கு முன்பு’ என்றுதான் காட்டும். ஒரு வருடம் தாண்டினால் மாதமே தெரியாது. அதனால் மாதக் கடைசியில் உட்கார்ந்து அந்த மாதத்துக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். அப்புறம் எண்ணுவது சுலபம்:

```
=COUNTIFS(B:B,"செப்டம்பர்",C:C,"விதைப்பு")
```

மாதவாரியாகப் பிரித்ததும் கேள்வியின் முகம் மாறியது. ஆகஸ்ட்டில் கேட்டவர்களுக்கு வேண்டியது நாற்றங்கால் முறைதான், அது ஏற்கெனவே வீடியோவில் இருக்கிறது. சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். அதற்குப் புது வீடியோ வேண்டாம், விளக்கத்தைக் கமெண்ட்டாக எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி ‘பின்’ செய்தேன்.

செப்டம்பரில் கேட்டவர்கள் பலர் கடைமடைக்காரர்கள். “தண்ணி இப்பதான் வந்துச்சு” என்று கூடவே எழுதியிருந்தார்கள். சி.ஆர். 1009 சுமார் 155 நாள் பயிர். செப்டம்பர் பாதியில் விதைத்தால் அறுப்பு பிப்ரவரி பாதிக்குப் போகும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுகிறார்கள், பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் தட்டும். ஆக அவர்களுடைய உண்மையான கேள்வி ‘தண்ணீர் தாமதமானால் எந்த ரகம்?’ என்பது. அக்டோபர்காரர்கள் குறுவை அறுத்த வயலில் அடுத்துப் போடும் தாளடிக்குக் கேட்டார்கள், அது இன்னொரு வீடியோ. குறுவை வயலைக் காட்டாமல் அதைச் சொல்ல முடியாது.

பதில்களையும் படியுங்கள். ஒருவர் “தாராளமா போடுங்க” என்கிறார், அடுத்தவர் “கருக்காயாப் போகும்” என்கிறார். பார்வையாளர்களுக்குள்ளேயே இப்படி முரண் இருந்தால் அந்தத் தலைப்பை முதலில் எடுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒரு எல்லை உண்டு. கமெண்ட் எழுதுபவர்கள் பார்ப்பவர்களில் கொஞ்சம் பேர்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்ப்பார்கள், எழுத மாட்டார்கள். அவர்கள் டீக்கடையில் கேட்பதையும் அதே ஷீட்டில் ஏற்றுகிறேன்.

வீடியோவின் பெயரை அவர்கள் வார்த்தையிலேயே வைத்தேன்: ‘செப்டம்பரில்தான் தண்ணி வந்துச்சு, 1009 போடலாமா?’ அடுத்த ஆண்டு ஆகஸ்ட் கடைசி வாரம் வெளியிட்டு, முந்தைய ஆண்டு கேட்ட ஒவ்வொருவர் கமெண்ட்டுக்கும் கீழே போய் அதன் இணைப்பைப் போட்டேன்.