வெளிநாட்டு ரொக்கத்தோடு ஊருக்கு வருகிறீர்களா? சி.டி.எஃப். படிவம் நிரப்பும் முறை

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ சேமிப்பை ரொக்கமாகக் கொண்டு வருகிறவர்களுக்கான பதிவு இது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இந்தியாவுக்குள் வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வரலாம், அதற்கு வரி கிடையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சுங்கத்துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் படிவத்துக்குத்தான் சி.டி.எஃப். என்று பெயர்.

1. கணக்குப் போடுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். "பத்தாயிரம் டாலர் வரை பிரச்சினை இல்லை" என்று யாரோ சொன்னதை நம்பி வந்துவிடுகிறார்கள். உண்மையில் வரம்பு இரண்டு. நோட்டுகளாக மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் படிவம் தேவை. நோட்டும் பயணிகள் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலும் தேவை. இன்று காசோலை கொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு என்பதால், உங்களுக்கான வரம்பு அநேகமாக 5,000தான்.

உதாரணத்துக்கு ஒருவர் 8,000 சிங்கப்பூர் வெள்ளி நோட்டாக வைத்திருக்கிறார். ஒரு வெள்ளி 0.75 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால் 6,000 டாலர் ஆகிறது. வரம்பைத் தாண்டிவிட்டது, படிவம் கட்டாயம். ஆனால் அவர் கிளம்பும்போது சாங்கியில் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் சிங்கப்பூரின் வரம்பு 20,000 வெள்ளி. "அங்கேயே கேட்கவில்லை, இங்கே எதற்கு?" என்ற குழப்பம் இதனால்தான் வருகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் சொந்த வரம்பு. 20,000 வெள்ளிக்கு மேல் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

பை யாருடையதோ, பணமும் அவர் கணக்கில்தான் சேரும். நண்பர் "வீட்டில் கொடுத்துடுங்கண்ணே" என்று தந்த கவரும் இதில் அடக்கம். வரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் யோசிக்காமல் எழுதிக் கொடுங்கள். வரம்புக்குக் கீழே இருந்தும் எழுதிக் கொடுப்பது குற்றமில்லை.

2. சிவப்பு வழியில் போங்கள்

பெட்டியை எடுத்தபின் பச்சை வழியில் நடந்தாலே "சொல்ல எதுவும் இல்லை" என்று நீங்கள் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு பிடித்து நிறுத்தியதும் படிவம் கேட்டால் காலம் கடந்துவிட்டது. எனவே நேராகச் சிவப்பு வழியின் கவுண்டருக்குப் போய்ப் படிவம் கேளுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண் ஆகியவற்றோடு ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனியாக, நோட்டு எவ்வளவு, காசோலை எவ்வளவு என்று எழுத வேண்டும். பணத்தை விமானத்தில் ஏறுமுன்பே எண்ணிக் குறித்து வைத்திருங்கள். எழுதியதும் எண்ணியதும் ஒத்துப்போகாவிட்டால்தான் கேள்விகள் நீளும்.

சுங்கத்துறைக்கு 'அதிதி' என்றொரு செயலியும் இருக்கிறது, அதில் முன்கூட்டியே விவரம் கொடுக்கலாம். என் பரிந்துரை காகிதம்தான். பிறகு வங்கியில் காட்டப்போவது முத்திரையும் கையெழுத்தும் உள்ள பிரதியை. அதை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

3. அந்தப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்

படிவத்தின் உண்மையான பயன் விமான நிலையத்துக்கு வெளியேதான் தெரியும். மேலே சொன்ன 6,000 டாலர் மதிப்புள்ள நோட்டுகளை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கில் போடப் போனால் வங்கி முதலில் கேட்பது சி.டி.எஃப். பிரதியை. வெளிநாட்டில் வசிப்பவர் செலவானது போக மீதியைத் திரும்ப எடுத்துப் போகும்போதும், இந்தப் பணம் நான் கொண்டு வந்ததே என்று காட்ட அதுதான் கையில் இருக்கும் சான்று.

எழுதிக் கொடுக்காமல் மாட்டினால், பணம் நேர்மையாகச் சம்பாதித்தது என்று சம்பளச் சீட்டைக் காட்டுவது மட்டும் போதாது. குற்றம் பணத்தின் மேல் இல்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பணத்தைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் விதிக்கலாம். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஃபாரெக்ஸ் கார்டில் உள்ள பணம் கணக்கில் வருமா? வராது. படிவம் நோட்டுக்கும் பயணிகள் காசோலைக்கும்தான். இவ்வளவு தொகைக்கு ரொக்கத்தை விட வங்கி வழியாக அனுப்புவதே மேல்.

இந்திய ரூபாய்? அதற்குத் தனி விதி. வெளிநாட்டுப் பயணம் முடிந்து வருகிறவர் 25,000 ரூபாய் வரைதான் கொண்டு வரலாம், எழுதிக் கொடுத்தாலும் அதற்கு மேல் அனுமதி இல்லை. நேபாளம், பூட்டானுக்கு விதி வேறு.

சுற்றுலா போய்த் திரும்பிய உள்ளூர்க்காரர் மீந்த டாலரை வீட்டிலேயே வைத்திருக்கலாமா? 2,000 டாலர் மதிப்பு வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ அனுமதி பெற்ற நாணயமாற்று நிறுவனத்திலோ கொடுத்து மாற்றி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.