வருமானமே சொல்லாமல் மாத பட்ஜெட் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது?

"எங்க வீட்டுக்கு ஒரு மாச பட்ஜெட் போட்டுக் கொடுண்ணா" என்று என் தங்கை கேட்டாள். சம்பளம், எத்தனை பேர், தவணை, சேமிப்பு எதையும் சொல்லவில்லை. தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது சதவீதம், சேமிப்புக்கு இருபது என்று இணையத்தில் கிடைக்கும் 50:30:20 கணக்கை அனுப்பியிருக்கலாம். ஆனால் வாடகைக்கும் பள்ளிக்கும் பாதிச் சம்பளம் போகிற வீட்டுக்கு அது உதவாது. அதனால் விவரங்களை முதலில் வாங்கினேன்.

முதலில் கைக்கு வரும் சம்பளம். பிஎஃப் பிடித்தம் போக வங்கியில் விழும் தொகைதான் கணக்கு. அவர்களுக்கு 42,000. வீட்டில் மாமியாரோடு ஐந்து பேர். மாதம் தவறாமல் போவது வாடகை 9,000, பைக் தவணை 3,200, சீட்டு 5,000, ஆக 17,200.

அடுத்த படியில்தான் பெரும்பாலான பட்ஜெட்டுகள் உடைகின்றன. மாதாமாதம் வராத செலவுகள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பள்ளிக் கட்டணம் பருவத்துக்கு ஒருமுறை, தீபாவளி வருடத்துக்கு ஒருமுறை. ஜூனிலோ ஐப்பசியிலோ நகை அடகுக்குப் போகிறதென்றால் இதுதான் விட்டுப்போயிருக்கிறது. ஒரு வருட வங்கி அறிக்கையை எடுத்து, வருடத் தொகையாகவே எழுதுங்கள். பள்ளி 36,000, காப்பீடு 14,400, கரண்ட் 9,000, தீபாவளி 12,000, பைக் இன்சூரன்ஸும் சர்வீஸும் 6,600. பட்ஜெட் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை, இந்த வருடக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்தான் வசதி. ஐந்து தொகையையும் C2 முதல் C6 வரை போட்டு, கீழே இதை எழுதுங்கள்:

```
=SUM(C2:C6)/12
```

6,500 வரும். அதைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் ஜிபேயில் கரைந்துவிடும்.

மீதி 18,300. மளிகை, பால், பெட்ரோல், மருந்து, போன் எல்லாம் சேர்த்து, மூன்று மாத சராசரி 15,100. கையில் நிற்பது 3,200.

கடைசியாகச் சேமிப்பு இலக்கு. சின்னவனை அடுத்த ஜூனில் பள்ளியில் சேர்க்க 60,000 வேண்டும், அதற்கு மாதம் 5,000 ஒதுக்க முடியவில்லையே என்று கவலைப்பட்டாள். ஆனால் அந்த 5,000 ஏற்கெனவே சீட்டில் போகிறது! அது ஏப்ரலில் முடிகிற ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. கடைசியில் எடுத்தால் ஐந்து சதவீதக் கமிஷன் போக 95,000 வரும். இடையில் தள்ளி எடுக்காமல் இருந்தால் போதும். பதிவு செய்யாத சீட்டாக இருந்திருந்தால் இதை நம்பிக் கணக்குப் போட்டிருக்க மாட்டேன். 3,200 அவசரச் செலவுக்கு.

பின்சேர்க்கை: ஆட்டோ ஓட்டுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள் சிலர் "எங்களுக்கு நிலையான வருமானம் இல்லையே" என்று எழுதியிருந்தீர்கள். சராசரி எடுக்காதீர்கள். கடந்த ஆறு மாதங்களில் குறைவாக வந்த மாதத்தை வருமானமாக வையுங்கள். அதற்கு மேல் வருவதை முதலில் அந்தத் தனிக் கணக்கில் போடுங்கள்.