4.20க்கு முட்களுக்கு இடையே எத்தனை பாகை?

ஹட்டனில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால், பெரும்பாலும் "பூச்சியம், சேர்" என்பார்கள். நிமிடமுள் 4இல் நிற்கிறது, மணிமுள்ளும் 4இல் நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மணிமுள் 4ஐத் தாண்டி இருபது நிமிடம் நகர்ந்திருக்கும். அதைக் கணக்கிட்டு, பிறகு மணிக்கூட்டிலேயே அளந்து பார்ப்போம்.

முதலில் கணக்கு. நிமிடமுள் 60 நிமிடத்தில் 360 பாகை சுற்றுகிறது, ஆகவே நிமிடத்துக்கு 6 பாகை. மணிமுள்ளுக்கு அதே சுற்றுக்கு 12 மணித்தியாலம் வேண்டும். மணித்தியாலத்துக்கு 30 பாகை என்றால் நிமிடத்துக்கு அரைப் பாகைதான். கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வைத்தான் விட்டுவிடுகிறோம்.

இரண்டு முட்களையும் 12இலிருந்து வலஞ்சுழியாகத் தனித்தனியே எண்ணுங்கள்:

```
நிமிடமுள்: 20 × 6 = 120
மணிமுள்: 4 × 30 + 20 × 0.5 = 130
வித்தியாசம்: 130 − 120 = 10
```

சரி, இனி அளவு. சுவரில் தொங்கும்போது கீழிருந்து பார்த்து அளக்காதீர்கள், சாய்வுப் பார்வையில் கோணம் மாறித் தெரியும். மணிக்கூடு சரியாக 4.20 காட்டும்போது கழற்றி மேசையில் வைத்து, பற்றரியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளந்து முடிப்பதற்குள் நிமிடமுள் ஓடிவிடும். முன்கண்ணாடியையும் கழற்றி, பாகைமானியின் மையத்தை முட்கள் பொருத்திய அச்சின் மேல் வைத்து, பூச்சியக் கோட்டை 12க்கு நேராகப் பிடியுங்கள். பள்ளிக்கூடப் பெட்டியில் வரும் சிறிய பாகைமானியில் ஓரிரு பாகை முன்பின் வரத்தான் செய்யும், அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

எங்கள் வகுப்பு மணிக்கூட்டில் வித்தியாசம் 6தான் வந்தது. கணக்கு பிழையா, மணிக்கூடு பிழையா? வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, அதனால்தான் தனித்தனியே அளக்கச் சொன்னேன். நிமிடமுள் 120இல் சரியாக நின்றது. மணிமுள் 126இல் நின்றது. அந்த இடத்தில் அது 4.12க்குத்தான் இருக்க வேண்டும். நான்கு பாகை பின்தங்கியிருக்கிறது, அரைப் பாகைக்கு ஒரு நிமிடம் என்றால் எட்டு நிமிடம்.

இது பல மணிக்கூடுகளில் நடப்பதுதான். மணிமுள் அச்சில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும், கை பட்டால் கொஞ்சம் திரும்பிவிடும். பின்புறக் குமிழைத் திருப்பி நிமிடமுள்ளைச் சரியாக 12க்குக் கொண்டுவந்தோம். அப்போது மணிமுள் 5ஐத் தொடாமல் சற்று முன்னால் நின்றது. நிமிடமுள்ளை அசையாமல் பிடித்துக்கொண்டு, மணிமுள்ளை மட்டும் மெதுவாக 5க்கு நேரே தள்ளினோம்.

அப்புறம் 10.10க்குத் திருப்பி மறுபடி அளந்தோம். கணக்குப்படி மணிமுள் 305, நிமிடமுள் 60, வித்தியாசம் 245. 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழிக்க வேண்டும், ஆகவே 115. பாகைமானியை இந்தமுறை நிமிடமுள்ளோடு பொருத்தி, இடப்பக்கமாக மணிமுள் வரை பார்த்தோம். 115ஐத் தொட்டது.