மாமாவின் ஒரே நம்பருக்கு மூன்று ஏற்பாடு: ஃபார்வர்ட், வெயிட்டிங், கான்ஃபரன்ஸ்

என் மாமா திண்டுக்கல் பக்கம் பந்தல் சாமானும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறார். முப்பது வருஷமாக ஒரே நம்பர். முகூர்த்த மாதம் வந்தால் அந்த நம்பருக்கு மூன்று தொல்லை. ஒருத்தரிடம் அண்டா கணக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தர் கூப்பிட்டு ‘பிஸி’ கேட்டுவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். குடோன் தரைக்குக் கீழே இருக்கிறது, உள்ளே போனால் டவர் கிடையாது. கல்யாண வீட்டார் ஒன்று சொல்ல, சமையல் மாஸ்டர் வேறொன்று சொல்ல, நடுவில் மாமா மாறி மாறி போன் போட்டுக்கொண்டிருப்பார். மூன்றுக்கும் அவர் போனிலேயே வழி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வைத்துக்கொடுத்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கால் வெயிட்டிங்

பலர் ஃபார்வர்டில் ஆரம்பிப்பார்கள். நான் வெயிட்டிங்கை முதலில் பார்க்கச் சொல்வேன். ஏன் என்பது கொஞ்சம் கீழே தெரியும்.

இது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, போனில் நம்பர் போடும் இடத்தில் இதை அடித்து அழைப்புப் பட்டனை அழுத்துங்கள்:

```
*#43#
```

ஓடவில்லை என்று வந்தால் `*43#` போட்டு அழைப்பை அழுத்துங்கள். நிறுத்த `#43#`. கோடு வேலை செய்யாவிட்டால் மெனுவில் போகலாம். சாம்சங்கில் போன் ஆப்பைத் திறந்து, மூன்று புள்ளி, Settings, Supplementary services, அங்கே Call waiting. ஐபோனில் Settings-க்குள் Phone, அதில் Call Waiting. புதிய ஐஓஎஸ்ஸில் Phone என்பது Apps என்பதற்குள்ளே இருக்கும். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் போன் ஆப்பின் Settings-இல் Calling accounts என்பதைத் தொட்டு, சிம்மைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும்.

இனி பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அழைப்பு வந்தால் காதில் ‘டுக் டுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், திரையிலும் பெயர் தெரியும். எடுத்தால் முதல் ஆள் ஹோல்டில் போவார். முடிந்ததும் Swap தொட்டால் மாறலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: `2` அடித்து அழைப்புப் பட்டனை அழுத்தினால் முதல் ஆளை ஹோல்டில் வைத்து இரண்டாமவரை எடுக்கும். `1` அடித்து அழுத்தினால் முதல் அழைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டாமவரை எடுக்கும். இந்த இரண்டையும் மாற்றி அழுத்தி, பேரம் பாதியில் நிற்க வாடிக்கையாளரை வெட்டிவிடுவது மாமாவின் கை வழக்கம். அதனால் ஒரு அட்டையில் பெரிதாக ‘2’ என்று எழுதி போன் உறையில் சொருகி வைத்தேன்.

அடுத்து ஃபார்வர்ட்: நான்கில் எது?

ஃபார்வர்ட் என்றால் உங்களுக்கு வரும் அழைப்பை வேறொரு நம்பருக்குத் திருப்பிவிடுவது. அது ஒன்றல்ல, நான்கு. எப்போதும் திருப்புவது, பிஸியாக இருந்தால் திருப்புவது, எடுக்காவிட்டால் திருப்புவது, டவர் இல்லை அல்லது போன் அணைந்திருந்தால் திருப்புவது. மெனுவில் Always forward, When busy, When unanswered, When unreachable என்கிற மாதிரியான பெயர்களில் பார்ப்பீர்கள். ஐபோனின் மெனுவில் பெரும்பாலும் ‘எப்போதும்’ மட்டும்தான் இருக்கும்.

இந்த ஏற்பாடு உங்கள் போனுக்குள் இருப்பதில்லை, கம்பெனியின் நெட்வொர்க்கில் எழுதி வைக்கப்படுகிறது. போன் அணைந்திருந்தாலும் ஃபார்வர்ட் நடப்பது அதனால்தான். போனை மாற்றினாலும், அழித்து புதிதாக்கினாலும், பழைய ஃபார்வர்ட் சிம்மோடு கூடவே வரும்.

மாமா இரண்டு வருஷத்துக்கு முன் தானாகவே முயன்று ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அன்று முழுக்க அவர் போன் அடிக்கவே இல்லை. அவர் கூப்பிட்டால் மட்டும் போகிறது. போன் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் கொண்டுபோய் ஸ்பீக்கர் மாற்றச் சொல்லியிருக்கிறார். வெளியே போகிறது, உள்ளே வருவதே இல்லை என்றால் முதலில் `*#21#` போட்டுப் பாருங்கள். அது ‘எப்போதும்’ ஃபார்வர்ட் இருக்கிறதா, எந்த நம்பருக்கு என்று காட்டும்.

மாமாவுக்கு வேண்டியது நான்காவதுதான்: குடோனில் டவர் இல்லாதபோது அத்தையின் நம்பருக்குப் போக வேண்டும். போன் ஆப், Settings, அங்கே Supplementary services அல்லது Calling accounts, Call forwarding, Voice call, பிறகு When unreachable. நம்பரை `+91` சேர்த்து அடித்து Turn on. ‘எடுக்காவிட்டால்’ என்பதை வைப்பவர்கள் ஒரு சின்ன விஷயம் பார்க்க வேண்டும். எத்தனை விநாடி அடித்த பிறகு திருப்ப வேண்டும் என்று 5 முதல் 30 வரை, ஐந்தைந்தாக வைக்கலாம். வயதானவர்களுக்கு 30 வையுங்கள். 10 வைத்தால் போனைத் தேடி எடுப்பதற்குள் அழைப்பு போய்விடும்.

கோடு வழியும் உண்டு. உலகம் முழுக்கப் பொதுவான கோடுகள் இவை:

```
**21*எண்#   எப்போதும்
**67*எண்#   பிஸி
**61*எண்#   எடுக்காவிட்டால்
**62*எண்#   டவர் இல்லாவிட்டால்
##002#      எல்லாவற்றையும் நீக்க
```

ஆனால் இந்தக் கோடுகளை நம்பி உட்காராதீர்கள். ஆளை ஏமாற்றி கோடு போடவைத்து அவர் அழைப்புகளைத் திருடர்கள் தங்கள் நம்பருக்குத் திருப்பிக்கொள்வது பெருகியதால், 2024 ஏப்ரல் 15 முதல் யுஎஸ்எஸ்டி எனப்படும் இந்தக் கோடு வழி ஃபார்வர்டை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதனால் கோட்டில் வைக்க முடியாமல் போகலாம். கூரியர்காரர், கம்பெனி ஆள் என்று யாராவது கூப்பிட்டு `**21*` அல்லது `*401*` என்று தொடங்கும் ஏதாவது அடிக்கச் சொன்னால் அடிக்கவே கூடாது. அடித்துவிட்டால் வங்கியிலிருந்து குரல் வழி வரும் ஓடிபி உங்கள் காதுக்கு வராது, அவர்கள் காதுக்குப் போகும். உடனே `##002#` போட்டுவிட்டு, மெனுவிலும் பார்த்து எல்லாம் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

மெனு திறக்காமல் நெட்வொர்க் பிழை என்று வந்தால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவைப் போட்டு மறுபடி முயலுங்கள். 4ஜி, 5ஜி சிம்களில் இந்த அமைப்பைப் படிக்கவே மொபைல் டேட்டா தேவைப்படுவது உண்டு. இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும்.

சரி, வேலை செய்கிறதா? போனை ஏர்பிளேன் மோடில் போட்டு இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டோம். அத்தையின் போன் அடித்தது. திரையில் என் நம்பர்தான் வந்தது, மாமாவின் நம்பர் வரவில்லை. அதனால்தான் தெரியாத நம்பர் என்று எடுக்காமல் விடாதீர்கள், எடுத்ததும் கடை பேரைச் சொல்லுங்கள் என்று அத்தையிடம் சொல்லி வைத்தேன். குடோனுக்குள் போய் சோதித்தபோது கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பியது. ஏர்பிளேனில் போட்டால் போன் ‘நான் போகிறேன்’ என்று டவரிடம் சொல்லிவிட்டுப் போகும். தரைக்குக் கீழே இறங்கினால் சொல்லாமல் போகிறது. நெட்வொர்க் தேடிப் பார்த்து, பதில் வராத பிறகுதான் திருப்புகிறது. கூப்பிட்டவர் அந்த நேரம் ஒன்றும் கேட்காமல் காத்திருப்பார்.

செலவு: கூப்பிடுகிறவர் உங்கள் நம்பர் வரைக்கும் கொடுப்பார், உங்கள் நம்பரிலிருந்து திருப்பும் தூரம் உங்கள் திட்டத்தில் கழியும். அளவில்லா பேச்சு ரீசார்ஜ் இருந்தால் தெரியாது. அத்தையின் போனிலும் மாமாவின் நம்பருக்கு ஃபார்வர்ட் வைத்துவிடாதீர்கள். இரண்டும் டவர் இல்லாமல் போகும் நாளில் அழைப்பு எங்கும் போய்ச் சேராது.

வெயிட்டிங்கும் பிஸி ஃபார்வர்டும் ஒன்றாக வேலை செய்யாது

வெயிட்டிங்கை முதலில் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். வெயிட்டிங் ஓடினால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் உங்களை ‘பிஸி’ என்று கணக்கில் எடுப்பதில்லை, இரண்டாவது அழைப்பை உங்களிடமே அனுப்பிவிடும். ‘பிஸியாக இருந்தால்’ என்று வைத்தேன், போகவே இல்லையே என்று பலர் குழம்புவது இங்கேதான். வெயிட்டிங்கில் வந்த அழைப்பை நீங்கள் வெட்டினால்தான் பிஸி ஃபார்வர்ட் நடக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் ‘எடுக்காவிட்டால்’ என்ற ஃபார்வர்ட் பிடித்துக்கொள்ளும். மாமா பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாம் அத்தைக்கே போகட்டும் என்றால் வெயிட்டிங்கை அணைத்துவிட வேண்டும். அவர் தானே எடுக்க விரும்பினார், அதனால் வெயிட்டிங்கை வைத்து பிஸி ஃபார்வர்டை விட்டுவிட்டோம்.

இரண்டு சிம் போனுக்கு ஒரு கொசுறு. பல போன்களில் முதல் சிம்மில் பேசும்போது இரண்டாவது சிம் டவர் இல்லாத மாதிரி ஆகிவிடும். இரண்டாவது சிம்மின் ‘டவர் இல்லாவிட்டால்’ இடத்தில் முதல் சிம்மின் நம்பரைப் போட்டால், அந்த அழைப்பு முதல் சிம்முக்கு வெயிட்டிங்காக வந்து நிற்கும்.

கடைசியாக கான்ஃபரன்ஸ்

இதற்கு அமைப்பு எதுவும் வேண்டாம், ஆனால் செய்யும் வரிசை முக்கியம். மாப்பிள்ளை வீட்டார் 600 பேருக்குச் சாப்பாடு என்று கூப்பிடுகிறார்கள். அண்டா எத்தனை வேண்டும் என்று மாஸ்டரைக் கேட்க வேண்டும். மாமா Add call தொட்டு மாஸ்டரைக் கூப்பிடுகிறார். மாப்பிள்ளை வீட்டார் தானாக ஹோல்டுக்குப் போகிறார்கள். இப்போது மாஸ்டரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளலாம், அவர்களுக்குக் கேட்காது. வாடகையில் எவ்வளவு குறைக்கலாம் என்பதையெல்லாம் இங்கே பேசிவிடுவது நல்லது. அப்புறம் Merge. மூன்று பேரும் ஒரே பேச்சில்.

Merge தெரியவில்லை என்றால் இரண்டு அழைப்பும் ஒரே சிம்மில் போகிறதா என்று பாருங்கள். இன்னொருவரையும் சேர்க்க Add call, Merge என்று திரும்பச் செய்யலாம். பொதுவாக உங்களைத் தவிர ஐந்து பேர் வரைக்கும். Manage தொட்டால் ஒருவரை மட்டும் வெட்டவோ, தனியாகப் பேசவோ பல போன்களில் இடம் உண்டு. நீங்கள் கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிமிடம் உங்கள் கணக்கில் ஓடும். சேர்த்தவர் வைத்துவிட்டால் எல்லோருடைய அழைப்பும் அறுந்துவிடும். மாமா தன் பங்கு முடிந்தது என்று வைத்துவிட்டார், மாஸ்டரும் மாப்பிள்ளை வீட்டாரும் பாதி வாக்கியத்தில் நின்றுபோனார்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ‘இன்னொரு அழைப்பு வரும், மெர்ஜ் பண்ணுங்க’ என்றால் பண்ண வேண்டாம். அந்த இன்னொரு அழைப்பு வங்கியின் ஓடிபி சொல்லும் குரலாக இருக்கும். நீங்கள் சேர்த்தால் அவரும் கூடவே கேட்பார்.