கட்டம் போட்டு முகம் வரைவது எப்படி: 4×6 போட்டோவிலிருந்து ஏ4 தாளுக்கு

போட்டோவைப் பார்த்து முகம் வரையத் தொடங்குபவர்களுக்கு மூக்கும் கண்ணும் தனித்தனியாகச் சரியாகவே வரும். அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, அதனால் ஆள் வேறாகிவிடுவார். இடத்தைச் சரியாகப் பிடிக்கத்தான் கட்டம் போடுவது. சென்னையில் சினிமா பேனர் எழுதியவர்கள், கையளவு ஸ்டில்லை ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கியதும் இந்த முறையில்தான்.

இங்கே 4×6 அங்குல போட்டோ ஒன்றை, நெட்டுவாக்கில், ஏ4 டிராயிங் தாளுக்குக் கொண்டுபோகிறோம். தலையும் தோளும் தெரிகிற படமாக இருக்கட்டும். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் நல்லது. கையை நீட்டி எடுத்த செல்ஃபி வேண்டாம். அவ்வளவு பக்கத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறியதாகவும் விழும். கட்டம் அந்தப் பிழையையும் விசுவாசமாக நகலெடுத்துக் கொடுத்துவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுத்த படமே முகத்துக்கு ஏற்றது.

என்னென்ன வேண்டும்

போட்டோவின் அதே அளவு ஜெராக்ஸ் ஒன்று, 30 செ.மீ. ஸ்கேல், கோட்டுக்கு எச்பி பென்சில், உருவத்துக்கு 2பி பென்சில், ரப்பர், கொஞ்சம் தடிமனான டிராயிங் தாள். ஜெராக்ஸில் நிழல்கள் கறுத்துப்போகும், ஆகவே அசல் போட்டோவும் பக்கத்தில் இருக்கட்டும். போட்டோவிலேயே கிறுக்க மனமில்லை, ஜெராக்ஸும் வேண்டாம் என்றால், ஓஎச்பி ஷீட்டில் மெல்லிய மார்க்கரால் கட்டம் போட்டு அதைப் போட்டோவின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். ஒருமுறை போட்டது அடுத்தடுத்த படங்களுக்கும் உதவும்.

கணக்கு

போட்டோவில் அரை அங்குலக் கட்டம். அகலத்தில் 8, உயரத்தில் 12, மொத்தம் 96. தாளில் ஒவ்வொரு கட்டமும் 2 செ.மீ. ஆக, படம் 16×24 செ.மீ. வரும். ஏ4 தாள் 21×29.7 செ.மீ. என்பதால் இரு பக்கமும் 2.5 செ.மீ., மேலும் கீழும் 2.85 செ.மீ. ஓரம் மிஞ்சும்.

அந்த ஓரத்தை வீணென்று நினைத்து, தாள் முழுவதையும் 8-ஆகவும் 12-ஆகவும் பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கட்டம் 2.63 செ.மீ. அகலமும் 2.48 செ.மீ. உயரமுமாகச் சற்றே படுத்துவிடும். கண்ணுக்கு அது சதுரம் போலத்தான் தெரியும். ஆனால் முகம் சுமார் 6 சதவீதம் அகலமாகிவிடும், ஒல்லியானவர் பூசினாற்போல் வருவார். எங்கே தப்பு என்று தேடினாலும் எந்தக் கட்டத்திலும் கிடைக்காது. போட்டோவில் சதுரமென்றால் தாளிலும் சதுரம்தான், இதில் சமரசம் கிடையாது.

கட்டம் போடுதல்

முதலில் 16×24 செவ்வகம். போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், இரண்டும் 28.8 செ.மீ. இருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது. மேலே கட்டமெல்லாம் போட்ட பிறகு இதைத் திருத்த முடியாது.

பிறகு ஸ்கேலை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து 0, 2, 4, 6 என்று கடைசிவரை புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் புதிதாக 2 செ.மீ. அளந்தால் தடவைக்கு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பன்னிரண்டாவது கட்டத்தில் அது 6 மி.மீ. ஆகிவிடும். மேலும் கீழும், இடமும் வலமும், நான்கு ஓரங்களிலும் புள்ளி வைத்து எதிரெதிரே இணையுங்கள்.

கோடு எச்பி பென்சிலில், பென்சிலின் சொந்தக் கனத்துக்கு மேல் அழுத்தாமல். அழுத்திப் போட்ட கோட்டை அழித்தாலும் தாளில் பள்ளம் நிற்கும். பின்னால் கன்னத்துக்கு நிழல் தேய்க்கும்போது அந்தப் பள்ளத்தில் பென்சில் படாது, முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும்.

எட்டு நெட்டு வரிசைகளுக்கும் மேலே அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று எழுதுங்கள். பக்கவாட்டில் 1 முதல் 12. போட்டோவிலும் தாளிலும் ஒரே பெயர். இதைச் செய்யாதவர்கள்தான் பாதியில் ஒரு கட்டம் தள்ளி வரையத் தொடங்குவார்கள்.

ஒரு கட்டத்தை வரைதல்

நம் படத்தில் தலை 2-ஆம் வரிசையில் தொடங்கி, தாடை 7-ஆம் வரிசையில் முடிவதாகவும், முகம் இ-யிலிருந்து ஊ வரை இருப்பதாகவும் கொள்வோம். இ-6 கட்டத்தை எடுங்கள், கன்னம் தாடையை நோக்கி இறங்கும் இடம்.

ஒரு அட்டையில் அரை அங்குலத்துக்குச் சதுர ஓட்டை வெட்டி, போட்டோவில் அந்தக் கட்டம் மட்டும் தெரியும்படி வையுங்கள். இப்போது அது கன்னமில்லை, ஒரு வளைகோடு. அது கட்டத்தின் மேல்விளிம்பை எங்கே வெட்டுகிறது? இடமிருந்து கால்பங்கில். அப்படியானால் தாளில் இ-6இன் மேல்விளிம்பில் 5 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி. வெளியேறுவது எங்கே? கீழ்விளிம்பில், பாதியைக் கொஞ்சம் தாண்டி. அங்கே 12 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி. போட்டோவில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியதில்லை, அரை, கால், முக்கால் என்று கண்ணால் பிரித்தால் போதும்.

இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே மனதில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கன்னம் அதிலிருந்து வெளியே எவ்வளவு புடைக்கிறது? ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். அந்த அளவு வளைத்து இணையுங்கள். சந்தேகம் வந்தால் கோட்டை விட்டுவிட்டு, இடப்பக்கம் மிஞ்சும் வெற்றிடத்தின் உருவத்தைப் பாருங்கள். அதற்குப் பெயர் இல்லாததால் கண் ஏமாறாது.

அடுத்து இ-7. அது தொடங்குவது நீங்கள் வைத்த அதே 12 மி.மீ. புள்ளியில்தான். போட்டோ வேறு இடம் சொன்னால் இரண்டில் ஒரு கட்டம் தப்பு, அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். இழுத்துப் பிடித்து இணைத்துவிட்டால் பிழை அடுத்த கட்டத்துக்குக் குடிபோகும்.

கண்ணுக்கு மட்டும் 2 செ.மீ. கட்டம் போதாது. இந்த அளவில் முகம் 8 செ.மீ. அகலம், ஒரு கண் 1.6 செ.மீ. அளவில் வரும். முழுக் கண்ணும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிட்டால் பிடித்துக்கொள்ள விளிம்பே இருக்காது. கண், மூக்குத்துவாரம், உதடு வரும் கட்டங்களை மட்டும் நான்காகப் பிரியுங்கள், தாளில் 1 செ.மீ. வீதம். போட்டோவிலும் அவ்வாறே. மொத்தப் படத்துக்கும் சின்னக் கட்டம் போட்டால் நெற்றிக்கும் தோளுக்கும் வெறும் வேலைதான் கூடும்.

நிழல் முடியும் இடங்களையும் ஒரு கோடாகவே பாவித்து மெலிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கின் பக்கவாட்டு நிழல், கழுத்தில் தாடையின் நிழல். முகம் தட்டையாக நிற்பது பெரும்பாலும் இவற்றை விட்டுவிடுவதால்தான்.

கோட்டை அழித்தல்

உருவம் முடிந்ததும், நிழல் தேய்ப்பதற்கு முன்பே கட்டங்களை அழிக்க வேண்டும். தேய்த்த பிறகு அழிக்கப் போனால் நிழலும் சேர்ந்து போகும். ரப்பரைச் சாய்வாக வெட்டி அதன் முனையால் ஒவ்வொரு கட்டமாக அழியுங்கள். உருவக் கோடு இங்கங்கே உடைந்திருக்கும், கட்டம் கட்டமாக வரைந்ததால் மூட்டு தெரியும். 2பி பென்சிலை எடுத்து, நெற்றி முதல் தாடை வரை ஒரே இழுப்பில் மேலே ஓட்டுங்கள்.

அடுத்த முறை அதே போட்டோவை ஓர் அங்குலக் கட்டத்தில் போடுங்கள். தாளில் 4 செ.மீ., மொத்தம் 24 கட்டங்கள். படத்தின் அளவு மாறாது, ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணால் பிரிக்க வேண்டியது கூடும்.